ரீச்சர் விட்டதும் மாஸ்ரர் விடக்கூடாததும்

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் குளிசையைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு கட்சிதான். ஒரு கட்சிக்கு அது மருந்தே இல்லை, மிக்சர் மாதிரி வீட்டில் எப்போதும் இருக்கவேண்டிய சாமான். கலியாணவீட்டுக்குப் போகமுதல் ஒன்று, பனடோலோடு ஒன்று, விரதத்துக்கு ஒன்று. மற்றக் கட்சிக்கு அது மெல்லக் கொல்லும் நஞ்சு. கிட்னி போகும், எலும்பு உக்கும், மறதி வரும் என்று வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய வீடியோவைக் காட்டுவார்கள். நான் பாமசியில் நிற்பவள். இரண்டு கட்சியும் ஒரே நாளில், சிலவேளை ஒரே வீட்டிலிருந்து, என் முன்னால் வந்து நிற்கும். "கஸ்ரிக் குளிசை ரெண்டு காட் தாங்கோ பிள்ளை" என்று கேட்பவரிடம் இது எதற்காகத் தொடங்கினது என்று திருப்பிக் கேட்டால், அநேகமாக ஒரு பதிலும் வராது. "கனகாலமாப் போடுறன்" என்பார்கள். அதுதான் காரணம் என்பதுபோல.

இதை எழுதவைத்தது கொக்குவில் பக்கத்திலிருந்து வரும் ஒரு தம்பதி. இருவரும் படிப்பித்து ஓய்வு பெற்றவர்கள். ரீச்சருக்கு அறுபத்தெட்டு வயது, நீரிழிவு இருக்கிறது, சைவம். மாஸ்ரருக்கு எழுபத்து மூன்று, இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். இருவருக்கும் ஒரே குளிசை, 20 மில்லிகிராம் ஒமிப்ரசோல், மேசையில் ஒரே டப்பாவில் கிடக்கும். ரீச்சர் காலையும் இரவும் போடுவார், மாஸ்ரர் காலையில் மட்டும்.

ஒருநாள் ரீச்சர் வந்து சொன்னார்: "மகன் கனடாவில இருந்து வீடியோ ஒண்டு அனுப்பினவன். இது சிறுநீரகத்தைப் பழுதாக்குமாம், மறதியும் வருமாமே. நான் நிப்பாட்டிப் போட்டன். முதல் மூண்டு நாலு நாள் ஒண்டும் இல்லை. பிறகு நெஞ்சு பத்தி எரியுது பிள்ளை. இரவில நித்திரை இல்லை. இது இல்லாமல் எனக்குச் சரிவராது போல." அதோடு இரண்டு காட் கேட்டார்.

அவர் சொன்ன கடைசி வசனத்தைத்தான் நான் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விட்டுப் பார்த்தேன், எரிந்தது, ஆகவே எனக்கு இது வேண்டும். கேட்க முழுக்க நியாயமாகத்தான் இருக்கிறது.

எரிவு எங்கிருந்து வருகிறது

இரைப்பையின் சுவரில் அமிலம் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. அமிலத்தை வெளியே தள்ளும் மிக நுண்ணிய பம்புகள் அவற்றில் உண்டு. ஒமிப்ரசோல், பன்டோபிரசோல், எசோமெப்ரசோல் எல்லாம் அந்தப் பம்பில் ஒட்டிக்கொண்டு அதை நிரந்தரமாக அடைப்பவை. அடைபட்ட பம்பு திரும்ப வேலை செய்யாது, உடம்பு புதுப் பம்பு செய்யவேண்டும். அதனால்தான் குளிசையை விட்ட முதல் சில நாள்களில் ஒன்றும் தெரிவதில்லை. மருந்து இரத்தத்தில் ஒருசில மணித்தியாலம்தான் இருக்கும், ஆனால் அதன் வேலை அடங்க மூன்று முதல் ஐந்து நாள் செல்லும். ரீச்சரின் "மூண்டு நாலு நாள்" புத்தகத்தில் உள்ள கணக்குத்தான்.

அடுத்தது என்ன என்பதுதான் பலருக்குத் தெரியாது. வயிற்றில் அமிலம் குறைந்ததும் உடம்பு அதைக் கவனிக்கிறது. கஸ்ட்ரின் என்ற ஹோர்மோனைக் கூட்டி, "சுரவுங்கோ" என்று செல்களை நெருக்குகிறது. மாதக்கணக்கில் நெருக்கினால், அமிலச் சுரப்பைத் தூண்டும் செல்களே பெருகிவிடும். முதலாளி கடைக்குப் பூட்டுப் போட்டிருப்பது தெரியாமல் மனேஜர் மேலும் மேலும் ஆள் எடுத்துக்கொண்டிருப்பது மாதிரி. பூட்டைத் திறந்த அன்று எல்லாரும் சேர்ந்து வேலையில் இறங்குவார்கள். குளிசை தொடங்கமுதல் இருந்ததைவிட அதிக அமிலம் சில கிழமைகளுக்குச் சுரக்கும். மேலதிகமாகச் சேர்ந்த ஆள்கள் மெல்ல மெல்லக் கலைந்துபோக ஒரு மாதம், சிலருக்கு இரண்டு மாதம் எடுக்கும்.

இது வெறும் கணிப்பு இல்லை. டென்மார்க்கில் செய்து 2009இல் வெளிவந்த ஒரு ஆய்வில், வயிற்றில் எந்த முறைப்பாடும் இல்லாத 120 பேரைச் சேர்த்தார்கள். பாதிப்பேருக்கு எட்டுக் கிழமை எசோமெப்ரசோல், பிறகு நாலு கிழமை வெற்றுக் குளிசை. மற்றப் பாதிப்பேருக்குப் பன்னிரண்டு கிழமையும் வெற்றுக் குளிசைதான். யார் எதைப் போடுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. உண்மை மருந்து போட்டவர்களில் 100க்கு 44 பேருக்கு அதை விட்ட பிறகு நெஞ்செரிவோ புளித்தேப்பமோ அசீரணமோ வந்தது. வெற்றுக் குளிசைக்காரரில் 15 பேருக்கு. அதாவது, நெஞ்செரிவே இல்லாதவர்களுக்கு இரண்டு மாதம் மருந்து கொடுத்து நிறுத்தினால் நெஞ்செரிவு வருகிறது. அந்த ஆள்கள் எங்கள் ஊர்க்காரராக இருந்திருந்தால் அவர்களும் "இது இல்லாமல் சரிவராது" என்று என்னிடம் வந்து இரண்டு காட் வாங்கியிருப்பார்கள்.

ஆக, விட்ட இரண்டாம் கிழமையில் எரிவதை வைத்து நோய் இருக்கிறது என்று சொல்லமுடியாது. இல்லை என்றும் சொல்லமுடியாது. அந்தக் காலத்தில் எரிவு எதற்கும் சாட்சி இல்லை.

கிளினிக் கொப்பியின் பழைய பக்கம்

ரீச்சரிடம் கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னேன். பழசையும் சேர்த்து. எங்கள் பக்கத்து நோயாளரிடம் எனக்குப் பிடித்த பழக்கம் இது, கொப்பி முடிந்தால் எறியமாட்டார்கள், புதியதோடு பழையதைத் தைத்து வைத்திருப்பார்கள். ஆறேழு வருடத்துக்கு முந்திய ஒரு பக்கத்தில் அது இருந்தது. முழங்கால் வலி, டைக்ளோஃபெனக் என்ற நோக்குளிசை காலையும் இரவும், கூடவே வயிற்றுக்குக் காவலாக ஒமிப்ரசோல் காலையும் இரவும், இரண்டு கிழமைக்கு. இரண்டு கிழமைக்கு! டைக்ளோஃபெனக் அடுத்த சில பக்கங்களில் காணாமல் போய்விட்டது. அவருடைய சிறுநீரகத்தை நினைத்து யாரோ டொக்டர் வெட்டியிருக்கிறார். அதைத் தொட்டுக்கொண்டு வந்த ஒமிப்ரசோல் மட்டும் ஒவ்வொரு முறையும் பழைய பக்கத்தைப் பார்த்துப் புதிய பக்கத்தில் எழுதப்பட்டு, இத்தனை வருடம் வந்திருக்கிறது. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. நூற்றுக்கணக்கில் ஆள் நிற்கும் கிளினிக்கில் ஒரு மருந்தைத் தொடர்ந்து எழுத ஒரு நிமிடம் போதும், நிறுத்துவதென்றால் பத்து நிமிடம் கதைக்கவேண்டும்.

நான் கேட்டவை கொஞ்சம்தான். முழங்கால் வலிக்கு முதல் நெஞ்செரிவு இருந்ததா? இல்லை. எப்போதாவது கமரா விட்டுப் பார்த்தார்களா, புண் என்று சொன்னார்களா? இல்லை. இரத்தவாந்தி, கறுப்பாக மலம்? இல்லை. அஸ்பிரின் போடுகிறாரா? இல்லை. விழுங்கக் கஷ்டம், காரணமில்லாமல் மெலிவு, இரத்தம் குறைவு? எதுவும் இல்லை. இப்படிப்பட்டவர் விட்டுப் பார்ப்பது நியாயம். அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட ஆலோசனையும் அதையே சொல்கிறது: தொடர்ந்து போடக் காரணம் இல்லாத எல்லாரிலும் நிறுத்திப் பார்க்கலாம், ஆனால் நிறுத்துவதற்கான காரணம் பக்கவிளைவுப் பயமாக இருக்கக்கூடாது. அந்தக் கடைசிப் பகுதியின் அர்த்தம் எனக்கு ஐந்து நிமிடத்துக்குப் பிறகுதான் முழுதாக உறைத்தது.

கொப்பியை மூடிக்கொண்டு ரீச்சர் சாதாரணமாகச் சொன்னார்: "அவரும் விட்டிட்டார். அவருக்கு ஒரு எரிவும் இல்லை. ஆம்பிளையளின்ர வயிறு கல்லுத்தானே."

எரியாத வயிறு

மாஸ்ரரின் கதை எனக்குத் தெரியும். பல வருடத்துக்கு முன்னர் நாரிப்பிடிப்புக்கு யாரோ கொடுத்த நோக்குளிசையைக் கிழமைக்கணக்கில் போட்டு, ஒரு விடியற்காலை தார் மாதிரி மலம் போய், மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றி, கமரா விட்டு, புண்ணிலிருந்து இரத்தம் கசிகிறது என்று கண்டுபிடித்தவர்கள். அதற்குப் பிறகு ஸ்டென்ட். இப்போது நாளுக்கு 75 மில்லிகிராம் அஸ்பிரின், வாழ்நாள் முழுக்க.

முன்னர் புண்ணில் இரத்தம் போன ஒருவர், எழுபது தாண்டிய வயது, அஸ்பிரின் விடமுடியாத இருதயம். இந்த மூன்றும் ஒரே ஆளில் சேர்ந்தால் அமிலம் குறைக்கும் குளிசையை நிறுத்துவது பற்றிக் கதையே இல்லை. அந்த 2022 ஆலோசனையிலும் இப்படிப்பட்டவர்களில் நிறுத்த எண்ணவே கூடாது என்றுதான் இருக்கிறது. அவர் நிறுத்தியதற்கு ஒரே காரணம், வீடியோ. நிறுத்தியது சரிதான் என்று அவர் நம்பியதற்கு ஒரே காரணம், எரியவில்லை.

இங்கேதான் எனக்குள் கனகாலமாக இருந்த குழப்பம் தெளிந்தது. நாங்கள் எல்லாரும், பாமசிக்காரர் உட்பட, இந்தக் குளிசையை எரிவுக்கான மருந்தாகவே பார்க்கிறோம். எரிந்தால் போடு, எரியாவிட்டால் விடு. ஆனால் அஸ்பிரினும் நோக்குளிசைகளும் செய்யும் புண், முக்கியமாக வயது போனவர்களில், வலியே இல்லாமல் வளரும். முதல் அறிகுறியே இரத்தமாக இருக்கலாம். மாஸ்ரருக்கு முதல்முறையும் அப்படித்தான் நடந்தது, வயிற்றுநோ என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "நான் அஸ்பிரினைச் சாப்பிட்ட பிறகுதான் போடுறன்" என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. அஸ்பிரின் வயிற்றில் பட்டுச் சுடுவது ஒரு பகுதிதான். அது இரத்தத்தில் கலந்த பிறகு, இரைப்பையின் உள்தோலைக் காக்கும் சளிப் படலத்தைப் பேணுகிற வேலையையே குறைக்கிறது. பூச்சுப் பூசின அஸ்பிரினாக இருந்தாலும் அந்தப் பகுதி மாறாது.

ஆகவே அந்த வீட்டில் பத்தியெரிந்தவருக்குக் குளிசை தேவையில்லை, ஒன்றுமே தெரியாதவருக்குத்தான் தேவை. மாஸ்ரருக்கு அங்கிருந்தே போன் எடுத்தேன். "மலம் கறுப்பாப் போச்சுதா ஐயா?" இல்லை என்றார். இன்றைக்கே திரும்பத் தொடங்குங்கோ, கிளினிக்கில் விட்டதையும் சொல்லுங்கோ என்றேன். "அப்ப கிட்னி?" என்றார். படிப்பித்தவர், சும்மா தலையாட்டமாட்டார்.

வீடியோவில் எவ்வளவு உண்மை

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். சிறுநீரகம், மறதி, எலும்பு முறிவு என்று வரும் தலைப்புகளில் அநேகம், இந்தக் குளிசை போடுபவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் வந்தவை. போடுபவர்கள் ஏற்கெனவே வயதும் நோயும் கூடியவர்கள், வேறு பத்து மருந்தும் போடுபவர்கள். அவர்களில் ஒரு நோய் கூட இருந்தால் அதைக் குளிசையின் தலையில் மட்டும் கட்டமுடியாது. 2019இல் வந்த ஒரு பெரிய சோதனையில், இருதய, இரத்தக்குழாய் நோய் உள்ள 17,000க்கு மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பகுதிக்குப் பன்டோபிரசோலும் மற்றப் பகுதிக்கு வெற்றுக் குளிசையும் ஏறக்குறைய மூன்று வருடம் கொடுத்தார்கள். தெளிவாகக் கூடியது ஒன்றுதான், குடல் தொற்று. 1,000 பேரில் பத்துப் பேருக்கு வருவது பதினாலு பேர் அளவுக்கு வந்தது. அமிலம் கிருமியைக் கொல்லும் முதல் காவல், அது குறைந்தால் கிருமி உள்ளே போவது சுலபம். மாஸ்ரருக்கு அதன் அர்த்தம் வெளிச்சாப்பாட்டிலும் கிணற்றுத் தண்ணீரிலும் கொஞ்சம் கவனம், கொதிக்கவைத்து ஆறின தண்ணி. அவ்வளவுதான். அவருக்குப் புண்ணில் இரத்தம் போகும் ஆபத்தோடு ஒப்பிட்டால் அது சின்ன விலை.

ஆனால் மூன்று வருடச் சோதனை பதினைந்து வருடப் பாவனைக்குப் பதில் சொல்லாது. அரிதாக, குளிசை தொடங்கிய கிழமைகளிலோ மாதங்களிலோ சிறுநீரகத்தில் ஒவ்வாமை அழற்சி வருவது உண்மை. வருடத்துக்கு மேல் போடும் சிலருக்கு மக்னீசியம் குறைந்து தசைப்பிடிப்பு வருவதும் உண்மை, சிறுநீரைக் கூட்டும் தண்ணிக் குளிசையும் சேர்ந்து போடுபவர்கள் அதைக் கூடக் கவனிக்கவேண்டும்.

எனக்கு ரீச்சரில் கவலையாக இருந்தது வீடியோவில் வராத ஒன்று. பீ12 வைட்டமின். உணவிலுள்ள பீ12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிரிக்க அமிலம் வேண்டும். ஈரலில் வருடக்கணக்குக்கான சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. ரீச்சர் சைவம், பாலும் தயிரும்தான் அவருக்குப் பீ12 வரும் வழி. நீரிழிவுக்கு மெட்ஃபோமின் போடுகிறார், அதுவும் பீ12 உறிஞ்சுவதைக் குறைக்கும். மூன்றாவதாக இந்த ஒமிப்ரசோல். அவருக்கு உள்ளங்கால் விறைப்பு ஒரு வருடமாக இருக்கிறது, "சீனி வருத்தம்தானே" என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். நீரிழிவால் வரும் விறைப்பும் பீ12 குறைந்து வரும் விறைப்பும் நோயாளிக்கு ஒரேமாதிரித்தான் இருக்கும். கிளினிக்கில் டொக்டரிடம் இதைச் சொல்லச் சொன்னேன். இரத்தம் சோதித்தபோது பீ12 குறைவாகத்தான் இருந்தது. மருந்தாகக் கொடுக்கும் பீ12 புரதத்தோடு ஒட்டியிருப்பதில்லை, அதனால் அதற்கு அமிலம் வேண்டாம். தொடங்கினார்கள். விறைப்பில் எவ்வளவு பீ12இனுடையது, எவ்வளவு சீனியினுடையது என்பது மாதக்கணக்கில்தான் தெரியவரும்.

விட்ட விதம்

டொக்டரும் நிறுத்திப் பார்க்கலாம் என்றார். ஒரேயடியாக விடுவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதில் பெரிய வித்தியாசம் நிரூபிக்கப்படவில்லை, இரண்டும் செய்யலாம். ஏற்கெனவே ஒருமுறை பயந்து ஓடிவந்தவர் என்பதால் படிப்படியாக. முதல் நாலு கிழமை இரவுக் குளிசையை விட்டுக் காலையில் மட்டும். அதன்பின் இரண்டு கிழமை ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு நிறுத்துவது. பாதியாக உடைக்கலாமா என்று கேட்டார். ஒமிப்ரசோல் கப்சூலுக்குள் இருக்கும் சின்ன மணிகளுக்குப் பூச்சு உண்டு. மணியை நசித்தால் இரைப்பை அமிலத்திலேயே மருந்து அழிந்துவிடும். ஆகவே அளவைப் பாதியாக்க நாளைத்தான் பாதியாக்கவேண்டும்.

காலைக் குளிசையையும் அவர் தேத்தண்ணியும் புட்டும் முடிந்த பிறகுதான் இத்தனை வருடமும் போட்டிருக்கிறார். ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் இந்த மருந்தால் அடைக்கமுடியும், பம்புகள் ஓடத் தொடங்குவது சாப்பாட்டோடு. அதனால் சாப்பாட்டுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரத்துக்கு முன் போட்டால்தான் முழுப் பயன். இதைச் சரியாகச் செய்யாததாலேயே "ஒண்டு காணாது" என்று இரண்டாக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கந்தசஷ்டி வருகிறது, அதற்குப் பிறகு தொடங்குவோமா என்று கேட்டார். நல்ல யோசனை என்று நான் சொன்னேன். ஆறு நாள் விரதமும், குளிசையை விட்டதால் வரும் மீள் எரிவும் ஒன்றாக வந்தால் எது எதென்று யாருக்குத் தெரியும்? பாறணை முடிந்து அடுத்த கிழமை தொடங்கினார். காலையில் மட்டும் போட்ட மாதம் பிரச்சினை இல்லை. முழுதாக விட்ட பிறகு, எதிர்பார்த்தபடி, முதல் கிழமைக் கடைசியில் எரிவு தொடங்கியது. இந்தமுறை அவரிடம் அன்டாசிட் பாணி இருந்தது, எரியும்போது சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கமுதலும் குடிப்பதற்கு. இரவுச் சாப்பாட்டை ஒன்பதரையிலிருந்து ஏழரைக்கு மாற்றினார், நாடகம் பார்த்துக்கொண்டு சாய்ந்திருந்து சாப்பிடும் பழக்கம் போனது. தைரொயிட் குளிசை போடுபவராக இருந்தால் அன்டாசிட்டை அதற்கு நாலு மணித்தியாலம் தள்ளி எடுக்கச் சொல்லியிருப்பேன், அவருக்கு அது இல்லை.

மூன்றாம் கிழமைதான் மோசம். ஒருநாள் காலையில் கடை திறக்கமுதலே வந்து நின்றார். "தாங்கோ பிள்ளை, ஒண்டே ஒண்டு." நெஞ்சில் இறுக்கமா, கைக்கோ தாடைக்கோ ஓடுகிறதா, வியர்க்கிறதா என்று கேட்டேன். இதை நான் யாரிடமும் விடாமல் கேட்பேன், "கஸ்ரிக்" என்று இரவு முழுக்கக் குளிசை போட்டுப் பொறுத்து விடியமுதல் மாரடைப்பில் போனவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ரீச்சருக்கு நீரிழிவும் உண்டு. அப்படி ஒன்றும் இல்லை, சாப்பிட்டுப் படுத்தால் எரிகிறது, எழும்பி இருந்தால் குறைகிறது. ஃபமோட்டிடின் என்ற வேறு வகைக் குளிசை ஒன்று இரவில் போட, சிறுநீரக இரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டு, டொக்டர் எழுதிக்கொடுத்தார். அது பம்பை அடைக்காது, சுரக்கச் சொல்லும் ஒரு சமிக்ஞையை மட்டும் மறிக்கும். இரண்டு கிழமை போட்டார். ஆறாம் கிழமைக்குப் பிறகு அன்டாசிட் போத்தல் அப்படியே கிடந்தது.

இரண்டு மாதம் தாண்டியும் எரிவு தொடர்ந்திருந்தால் கதை வேறு. அப்போது அது மீள் எரிவு இல்லை, உண்மையான அமில எதுக்களிப்பு இருக்கிறது என்று எடுத்து, கட்டுப்படுத்தக்கூடிய மிகக் குறைந்த அளவில், அல்லது எரியும்போது மட்டும், குளிசையைத் திரும்பத் தொடங்கலாம். அதில் தோல்வி எதுவும் இல்லை. கமரா விட்டுப் பார்த்து உணவுக்குழாயில் கடுமையான புண்ணோ, உள்தோல் மாற்றமோ கண்டவர்கள் என்றால் விட்டுப் பார்ப்பதே சரியில்லை, அவர்களுக்கு அது நீண்டகால மருந்துதான்.

போன கிழமை ரீச்சர் வந்தார், முழங்கால் திரும்ப வீங்கியிருக்கிறது. வேறு எங்கோ காட்டி, டைக்ளோஃபெனக் பத்து நாளைக்கு எழுதின துண்டோடு. ஒமிப்ரசோலும் அதில் இருந்தது. "பாத்தீங்களே, திரும்பவும்" என்றார். நீரிழிவும் வயதும் இருக்கிறபோது டைக்ளோஃபெனக்கே அவருக்கு ஏற்றதா என்று எழுதினவரைக் கேட்போம் என்று போன் எடுத்தேன். பூசுகிற ஜெல்லும் பனடோலும் போதும் என்று அவர் மாற்றினார். டைக்ளோஃபெனக் போடவேண்டி வந்திருந்தால் அந்தப் பத்து நாளும் ஒமிப்ரசோலும் கூடவே போடத்தான் வேண்டும், காலையில், சாப்பாட்டுக்கு முன். பதினோராம் நாள் இரண்டும் சேர்ந்து நிற்கவேண்டும். அந்தத் திகதியைத் துண்டில் எழுதிக் கொடுக்கும்படி எழுதுபவரிடம் கேட்கலாம்.

மாஸ்ரருக்கு அன்றைக்கு ஒரு மாதத்துக்கான காட் எடுத்துக் கொடுத்தேன். அவருடைய கொப்பியின் முதல் பக்கத்தில், அவர் கேட்டதால், கிளினிக் டொக்டர் எழுதியிருந்தார்: முன்னர் புண்ணில் இரத்தம் போனவர், அஸ்பிரின் போடும்வரை ஒமிப்ரசோலை நிறுத்தவேண்டாம்.